‘வயிற்று வலி’ என்று வந்த 14 வயதுச் சிறுவன்: ஒரு விரை முறுக்கத்தின் நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு, சென்னையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் நாங்கள் கையாண்ட ஒரு நிகழ்வைப் பற்றியது. சிறுவனும் குடும்பத்தினரும் இடையில் பார்த்த மருத்துவர்களும் அடையாளம் தெரியாதபடி எழுதப்பட்டிருக்கிறார்கள். வலி தொடங்கியதிலிருந்து முறுக்கு அவிழ்க்கப்பட்டது வரை 10 மணி 40 நிமிடங்கள் ஆயின. அதில் சாலையில் கழிந்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல்தான். மீதி நேரம் எங்கே போயிற்று என்பதை நேர வரிசைப்படி பார்க்கவே இதை எழுதுகிறோம்.

பின்னணி

சிறுவன் வடசென்னையைச் சேர்ந்தவன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா வீட்டில் இருக்கிறார், அப்பாவின் தம்பியும் அதே வீட்டில் தங்கியிருக்கிறார். சிறுவனுக்கு இதற்கு முன் பெரிய நோய் எதுவும் இருந்ததில்லை, அடிபடவும் இல்லை.

ஆனால் அறுவை சிகிச்சைக்கு மறுநாள் நிதானமாகக் கேட்டபோது ஒன்று தெரியவந்தது. முந்தைய நான்கு மாதங்களில் இருமுறை அவனுக்கு இடது விரையில் திடீரென்று கடுமையான வலி வந்திருக்கிறது. ஒருமுறை விடியற்காலையில், மறுமுறை கிரிக்கெட் ஆடி முடித்த மாலையில். இரண்டுமே ஏறக்குறைய இருபது நிமிடங்களில், வந்த வேகத்திலேயே மறைந்துவிட்டன. அவன் யாரிடமும் சொல்லவில்லை. விரை தானாகத் திருகிக்கொண்டு தானாகவே அவிழ்ந்த முன்னெச்சரிக்கை நிகழ்வுகள் இவை என்றே கருதுகிறோம். அப்போதே தெரிந்திருந்தால், அவசரமில்லாத ஒரு சிறிய அறுவை சிகிச்சையில் இரண்டு விரைகளையும் தைத்து நிலைநிறுத்தியிருக்கலாம். பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

உள்ளே நடப்பது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. விரை ஒரு நாணில் தொங்குகிறது. அந்த நாணுக்குள்தான் விரைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியும், இரத்தத்தைத் திரும்ப எடுத்துச் செல்லும் சிரைகளும் ஓடுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு விரையின் பின்புறம் விரைப்பையின் சுவரோடு ஒட்டியிருப்பதால் அது சுழலாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டுதல் இருப்பதில்லை. விரையைப் போர்த்தும் உறை நாணில் மேலேறிப் பொருந்தியிருக்க, விரை கோயில் மணியின் நாக்கைப் போல அந்தரத்தில் ஆடுகிறது. இந்த அமைப்பு பொதுவாக இரண்டு பக்கமும் இருக்கும். பருவ வயதில் விரை வேகமாகப் பெரிதாகிக் கனக்கும்போது, குளிரிலோ தூக்கத்திலோ நாணைச் சுற்றியுள்ள தசை வெடுக்கென்று சுருங்கினால் விரை திருகிக்கொள்கிறது. முதலில் மெல்லிய சுவருள்ள சிரைகள் நெரிபடுகின்றன. உள்ளே வரும் இரத்தம் வெளியேற முடியாமல் விரை வீங்குகிறது. பிறகு தமனியும் அடைபடுகிறது. மருத்துவர்கள் டார்ஷன் என்று சொல்லும் விரை முறுக்கம் இதுதான்.

நள்ளிரவு 1.15 முதல் காலை 7.30 வரை

ஒரு மார்கழி மாத வெள்ளிக்கிழமை இரவு, ஒன்றேகால் மணிக்கு வலி அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது. கடிகாரத்தைப் பார்த்தது அவனுக்குத் தெளிவாக நினைவிருந்தது. இந்த நோயில் வலி மெல்ல மெல்ல ஏறாமல் ஒரு நொடியில் தொடங்குவதால், தொடங்கிய நேரத்தைப் பலரால் இப்படித் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. அரை மணி நேரத்துக்குள் இருமுறை வாந்தி எடுத்தான். அம்மாவிடம் அவன் சொன்னது “வயிறு வலிக்குதும்மா” என்பது மட்டுமே.

அது முழுப் பொய்யும் அல்ல. கருவில் விரை வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு அருகில் உருவாகிக் கீழே இறங்குவதால், அதன் நரம்புகளும் அங்கிருந்தே வருகின்றன. எனவே விரையின் வலி அடிவயிற்றிலும் தெரியும், வாந்தியும் வரும். சில சிறுவர்கள் வயிற்று வலியை மட்டுமே உணர்கிறார்கள். இவன் இரண்டு இடத்திலும் உணர்ந்தான், ஒன்றை மட்டும் சொன்னான்.

ஏன் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டபோது, “எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றான். வெட்கம் என்று இதைக் கடந்துபோக எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த உறுப்புக்கு அவனிடம் இருந்தவை மழலைச் சொல் ஒன்று, தெருவில் வசவாகப் புழங்கும் சொல் ஒன்று, பாடப்புத்தகத்தின் ‘விந்தகம்’ என்ற சொல் ஒன்று. இம்மூன்றில் எதையும் நள்ளிரவில் அம்மாவிடம் சொல்லிவிட முடியாது.

இரவு சாப்பிட்ட பரோட்டாதான் காரணம் என்று நினைத்த அம்மா, ஓமத் தண்ணீர் கொடுத்தார். வலி குறையாததால் 3.30 மணிக்கு அப்பா தன் ஆட்டோவிலேயே அருகிலிருந்த, இரவும் திறந்திருக்கும் ஒரு சிறிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பணியிலிருந்த இளம் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்; மென்மையாக இருந்தது, வலது கீழ்ப்பகுதியில் வலி இல்லை, ஆகவே குடல்வால் அழற்சி இல்லை என்று முடிவு செய்தார். அது சரியான முடிவே. கால்சட்டையை இறக்கிப் பார்க்கவில்லை. அம்மாவும் ஒரு செவிலியரும் அருகில் நின்றிருந்தார்கள், சிறுவனும் எதுவும் சொல்லவில்லை. வலிக்கும் வாந்திக்கும் ஊசி போட்டு, காலையில் வயிற்று ஸ்கேன் எடுக்கும்படி எழுதிக்கொடுத்து அனுப்பினார். அப்போது வலி தொடங்கி இரண்டேகால் மணி நேரமே ஆகியிருந்தது. அந்த நேரத்தில் விரைப்பை எப்படி இருந்தது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

ஊசியால் வலி ஓரளவு மங்க, சிறுவன் அரைத்தூக்கத்தில் படுத்திருந்தான். காலை 7.30 மணிக்குக் குளியலறைக்குக் குனிந்தபடியே நடந்து போனவனைப் பார்த்த சித்தப்பா, கதவருகே நின்று என்னடா என்று விசாரித்தார். “சித்தப்பா, கீழ வீங்கியிருக்கு. அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்றான். ஆறேகால் மணி நேரம் கழித்து, நோய் எங்கே இருக்கிறது என்பது முதன்முறையாக இன்னொருவருக்குத் தெரிந்தது.

காலை 8.10 முதல் 11.05 வரை

சித்தப்பா உடனே அவனை அதே தெருவிலிருந்த ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவர் முறையாகப் பரிசோதித்தார். இடது விரை வீங்கியிருந்தது, தொட்டால் துடித்தான். முறுக்கமாக இருக்கலாம், நோய்த்தொற்றாகவும் இருக்கலாம் என்று சீட்டில் எழுதி, டாப்ளர் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அவருடைய சந்தேகம் சரியானது. ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த வழி நேரத்தைத் தின்றது. டாப்ளர் ஸ்கேன் விரைக்குள் இரத்தம் ஓடுகிறதா என்று காட்டும் நல்ல பரிசோதனைதான். சந்தேகம் இரண்டுங்கெட்டானாக இருக்கும்போது, ஸ்கேன் கருவி அறுவை அரங்கு இருக்கும் அதே கட்டடத்தில் இருந்து, சில நிமிடங்களில் முடியுமானால், அதற்குப் பயன் உண்டு. வெளியே ஒரு ஸ்கேன் மையத்துக்கு அனுப்பி, அங்கே டோக்கன் வாங்கி, மருத்துவர் வருவதற்குக் காத்திருந்து, அறிக்கையோடு திரும்பி வருவதென்பது வேறு. மேலும், பாதி முறுக்கிய நிலையில் தமனியில் சிறிது இரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால், ஸ்கேன் இயல்பாகத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. அறிகுறிகள் தெளிவாக இருக்கும்போது ஸ்கேன் இல்லாமலேயே அறுத்துப் பார்ப்பதுதான் ஏற்கப்பட்ட நடைமுறை.

நோய்த்தொற்று என்ற எண்ணம் எழுவதும் இயல்பே. விரையை ஒட்டிய குழாயில் தொற்று ஏற்பட்டாலும் வீக்கமும் வலியும் வரும். ஆனால் அந்த வலி பெரும்பாலும் ஓரிரு நாளில் படிப்படியாக ஏறும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ காய்ச்சலோ கூட இருக்கலாம். ஒரு நொடியில் தொடங்கி வாந்தியோடு வந்த வலியை, அதுவும் 14 வயதில், முறுக்கம் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை முறுக்கம் என்றே கொள்ள வேண்டும். தொற்றென்று நினைத்து அறுத்துப் பார்க்காமல் விட்டால் விரை போய்விடும். முறுக்கமென்று நினைத்து அறுத்துப் பார்த்துத் தொற்றாக இருந்தால் ஒரு சிறு தழும்பு மிஞ்சும்.

ஸ்கேன் மையத்தில் டாப்ளர் பார்க்கும் மருத்துவர் பத்து மணிக்குத்தான் வருவார் என்றார்கள். ஒன்பது மணியளவில் வலி வெகுவாகக் குறைந்தது. சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், பசிக்கிறது என்றான். குடும்பமே பெருமூச்சு விட்டு, பக்கத்துக் கடையில் மூன்று இட்லியும் காபியும் வாங்கிக் கொடுத்தது. ஸ்கேன் எடுக்க வேண்டுமா, வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட அப்பா கேட்டிருக்கிறார்.

விரை முறுக்கத்தில் ஆளை ஏமாற்றும் கட்டம் இதுவே. ஏறக்குறைய எட்டு மணி நேரம் இரத்தமின்றிக் கிடந்த விரையில் வலியை உணர்த்தும் நரம்புகளும் செயலிழக்கத் தொடங்குகின்றன. முறுக்கு தானாக அவிழ்ந்ததால் வலி நின்றதா, திசு சாவதால் நின்றதா என்பதை வலியை வைத்துச் சொல்ல முடியாது. முன்பு இருமுறை நடந்ததைப்போலத் திடீரென்று, முழுவதுமாக, வீக்கமின்றி நின்றிருந்தால் அவிழ்ந்திருக்கலாம். இங்கே வீக்கம் அப்படியே இருந்தது. வலி மட்டும் மங்கியது.

10.15 மணிக்கு எடுத்த ஸ்கேனில் இடது விரைக்குள் இரத்த ஓட்டம் சிறிதும் இல்லை. நாண் நீர்ச்சுழியைப்போலச் சுருண்டிருப்பது தெரிந்தது. அந்த ஸ்கேன் மருத்துவர் செய்ததைக் குறிப்பிட வேண்டும். அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருக்கச் சொல்லாமல், ஒரு துண்டுத்தாளில் கையால் எழுதிக்கொடுத்து, சீட்டு எழுதிய மருத்துவரிடம் திரும்பிப் போகாமல் நேரே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகும்படி சொல்லி, எங்கள் அவசரப் பிரிவுக்கும் தொலைபேசியில் தெரிவித்தார். 11.05 மணிக்குச் சிறுவன் எங்களிடம் வந்தான்.

எங்கள் பரிசோதனையும் முடிவுகளும்

இடது விரை வீங்கி, கல்லைப்போல் இறுகி, வலதைவிட மேலேறி, நிமிர்ந்து தொங்குவதற்குப் பதிலாகக் குறுக்கே கிடந்தது. உள்தொடையை மெல்லக் கீறித் தடவினால் அப்பக்க விரை சட்டென்று மேலேற வேண்டும்; வலப்புறம் ஏறியது, இடப்புறம் அசையவே இல்லை. விரைப்பையின் தோல் சிவந்து தடித்திருந்தது.

கையாலேயே முறுக்கை அவிழ்க்க ஒரு முயற்சி செய்தோம். பெரும்பாலும் விரை உள்நோக்கித் திருகியிருக்கும் என்பதால், புத்தகத்தைத் திறப்பதுபோல வெளிப்பக்கமாகத் திருப்புவது வழக்கம். வலி சட்டென்று தணிந்து விரை கீழிறங்கினால் பலித்தது என்று பொருள். வலி தொடங்கிய முதல் சில மணி நேரங்களில் இது பலனளிக்க வாய்ப்பு அதிகம். இங்கே தோல் தடித்திருந்ததால் விரையைச் சரியாகப் பிடிக்கவே முடியவில்லை. வெளிநோக்கித் திருகிய முறுக்குகளும் கணிசமாக உண்டு. அவற்றைத் தவறான பக்கம் திருப்பினால் முறுக்கு கூடும். ஒரு முயற்சியோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்த சிக்கல் இட்லி. திட்டமிட்ட அறுவைக்கு, உண்ட பிறகு ஆறு மணி நேரம் காத்திருப்பது வழக்கம். அப்படிக் காத்திருந்தால் பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும். மயக்கவியல் நிபுணர் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்து, வயிறு நிறைந்தவர்களுக்குரிய முறையில், மயங்கிய உடனே மூச்சுக்குழாயில் குழலிட்டு மயக்கம் கொடுத்தார். உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு என்பது அப்பாவிடம் விளக்கப்பட்டது.

அப்பாவிடம் ஒப்புதல் பெறும்போது மூன்று செய்திகளைத் தனித்தனியாகச் சொன்னோம்: இடது விரை பிழைக்காமல் போயிருந்தால் அகற்ற நேரலாம்; பிழைத்ததாகத் தோன்றினாலும் பின்னர் சுருங்கிப்போகலாம்; நன்றாக இருக்கும் வலது விரையையும் திறந்து தைக்கப்போகிறோம். மூன்றாவதுதான் அவருக்கு விளங்கவில்லை. நல்லதை ஏன் தொட வேண்டும் என்று கேட்டார். மணிநாக்கு அமைப்பு வழக்கமாக இரண்டு பக்கமும் இருக்கும், ஒன்றை இழக்க நேர்ந்தால் மற்றதைக் காப்பது இரட்டிப்பு அவசியம் என்று ஒரு தாளில் வரைந்து காட்டியதும் கையெழுத்திட்டார்.

அறுவை அரங்கில்

விரைப்பையின் நடுக்கோட்டில் 11.50 மணிக்குத் திறந்தோம். இடது நாண் உள்நோக்கி இரண்டு முழுச் சுற்றுகள் திருகியிருந்தது. விரை கருநீல நிறமாக இருந்தது. 11.55 மணிக்கு முறுக்கு அவிழ்க்கப்பட்டது. வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியில் விரையைப் பொதிந்துவைத்துவிட்டு, அந்த இடைவெளியில் வலப்புறத்தைத் திறந்தோம். அங்கும் அதே மணிநாக்கு அமைப்பு. கரையாத நூலால் மூன்று இடங்களில் விரையைச் சுவரோடு தைத்து நிலைநிறுத்தினோம்.

பதினைந்து நிமிடங்களுக்குப் பின் துணியை விலக்கியபோது, இடது விரையின் மேற்பகுதியில் கருமை சற்று விலகி ஊதா நிறம் தெரிந்தது; கீழ்ப்பகுதி கருத்தே இருந்தது. விரையின் வெளி உறையில் சிறிதாகக் கீறினோம். உயிருள்ள விரையென்றால் உடனே செந்நிற இரத்தம் கசியும். இங்கே சில நிமிடங்கள் கழித்தே கசிந்தது; முதலில் கறுப்பாகவும், பிறகு சற்றுச் சிவப்பாகவும்.

எடுப்பதா, வைப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. முற்றிலும் இறந்த விரையை உள்ளே வைத்தால் சீழ் பிடிக்கலாம், நீண்ட நாள் வலி இருக்கலாம். ஓரளவேனும் உயிர் இருந்தால், விந்தணு உண்டாக்கும் பகுதி போனாலும் ஹார்மோன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் மிஞ்சலாம். ஏனென்றால் இரத்தமின்மையை அவை சற்றுக் கூடுதலாகத் தாங்கும். இரத்தம் கசிந்தது என்ற ஒரே காரணத்தால் வைத்துவிட முடிவு செய்து, இடப்புறத்தையும் தைத்து மூடினோம். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

பின்தொடர்ச்சி

ஆறு வாரத்தில் எடுத்த டாப்ளரில் இடது விரைக்குள் இரத்தம் ஓடியது. குடும்பம் மகிழ்ந்தது, நாங்கள் அளவைப் பார்த்தோம், ஏற்கெனவே சிறுத்திருந்தது. ஆறு மாதத்தில் அது வலதின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிட்டது. கையால் தொட்டால் ஒரு சிறு முடிச்சாகவே தெரிந்தது. அறுவை அரங்கில் ‘காப்பாற்றப்பட்டது’ என்று எழுதப்படும் விரைகள் எல்லாம் ஆறு மாதம் கழித்தும் இருப்பதில்லை. வெற்றியை அந்நாள் குறிப்பை வைத்து எண்ணினால் கணக்கு பிழையாகும்.

பொதுவாக, ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் பத்தில் ஒன்பது விரைகள் பிழைக்கின்றன. பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. ஒரு நாள் கடந்தால் மிகச் சிலவே தப்பும். ஆறு மணி என்பது அதுவரை காத்திருக்கலாம் என்ற அனுமதி அல்ல. இறுக்கமாக இரண்டு சுற்றுத் திருகியது நான்கு மணி நேரத்திலும் கெடலாம். தளர்வாகப் பாதிச் சுற்றுத் திருகியது பத்து மணி நேரமும் தாங்கலாம். எத்தனை சுற்று என்பது திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான், ஒரு நாள் கடந்து வருபவர்களையும் திருப்பி அனுப்பாமல் அறுத்துப் பார்க்கிறோம்.

வலது விரை நன்றாக இருக்கிறது. பருவ வளர்ச்சி வழக்கம்போல நடக்கிறது. நலமான ஒரு விரை பொதுவாகக் குழந்தைப்பேற்றுக்கும் ஆண்மைக்கும் போதும் என்று அவனிடமும், அம்மாவிடமும் தனித்தனியே சொன்னோம். கிரிக்கெட் ஆடும்போது காப்புக்கவசம் அணியச் சொல்லியிருக்கிறோம்.

எதை மாற்றினோம்

எங்கள் பக்கத்திலிருந்து தொடங்குவதே முறை. ஸ்கேன் மருத்துவர் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தும், பதிவுச் சீட்டுக்கும் இரத்தப் பரிசோதனைக்குமாகப் பன்னிரண்டு நிமிடங்கள் வீணாயின. இப்போது இத்தகைய வலியோடு வரும் சிறுவன் பதிவுக்கு முன்பே உள்ளே அழைக்கப்படுகிறான். பரிசோதித்ததும் முதல் தொலைபேசி அறுவை அரங்குக்கும் மயக்கவியல் பிரிவுக்கும் போகிறது, வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பது வாசலிலேயே சொல்லப்படுகிறது.

அவசரப் பிரிவின் படிவத்தில், வயிற்று வலியோடு வரும் ஆண் குழந்தைகளுக்கு ‘விரைப்பை பார்க்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். பதின்ம வயதினராக இருந்தால், பெற்றோரைச் சில நிமிடங்கள் திரைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மருத்துவரே உறுப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். “கீழே விதையில் வலி இருக்கிறதா, இதற்கு முன் எப்போதாவது வந்து போயிருக்கிறதா?” பெரியவர் ஒருவர் அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிட்டால், சிறுவர்கள் பெரும்பாலும் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், அன்று வலி இல்லாவிட்டாலும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

அதிகாலை 3.30 மணிக்குச் சிறுவனைப் பார்த்த இளம் மருத்துவரை, குடும்பத்தின் ஒப்புதலோடு தொலைபேசியில் அழைத்துப் பேசினோம். குற்றம் சாட்டுவதற்காக அல்ல; முடிவு என்னவாயிற்று என்பது அவருக்குத் தெரியாமலேயே போயிருக்கும். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “வயிறு சாஃப்டா இருந்தது சார், அதோட நிறுத்திட்டேன்” என்றார். பிறகு, அந்த நேரத்தில் சந்தேகம் வந்திருந்தால் எங்கே அனுப்பியிருக்க வேண்டும், எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.